டிஷ்வாஷரில் ஸ்டீல் பாத்திரம், தட்டு, உயரமான சாமான் அடுக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெஷின் முழுசா ஓடி முடிக்குது. ஆனாலும் சில பாத்திரம் மட்டும் அழுக்காவே வெளியே வருது. ஏன்?

டிஷ்வாஷருக்குள் பாத்திரங்கள் தண்ணீரில் ஊறுவதில்லை. கதவை மூடியதும் தொட்டி நிரம்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அடியில் இருக்கும் சிறிய குழியில் மூன்று நான்கு லிட்டர் தண்ணீர்தான் நிற்கிறது. பம்ப் அதையே திரும்பத் திரும்ப உறிஞ்சி, ஸ்பிரே ஆர்ம்கள் எனும் சுழலும் கைகளின் துளைகள் வழியாகப் பீய்ச்சுகிறது. அழுக்கை அகற்றுவது அந்தப் பீச்சின் வேகம், தண்ணீரின் சூடு, டிடர்ஜென்ட் ஆகிய மூன்றும் சேர்ந்துதான்.

துளையிலிருந்து கிளம்பும் தண்ணீர் நேர்கோட்டில் போகிறது. வழியில் ஒரு பாத்திரம் குறுக்கே இருந்தால் அதில் மோதி வேகம் இழந்து வழிந்துவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் பாத்திரத்துக்கு வெறும் துளிகளும் ஆவியும்தான் மிச்சம். விளக்கு வெளிச்சத்தில் நிழல் விழுவது போலவே இதிலும் ‘தண்ணீர் நிழல்’ விழுகிறது. சில பாத்திரம் மட்டும் அழுக்காக வந்தால், அவை எதன் நிழலில் நின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டிடர்ஜென்ட்டைக் கூட்டிப் போடுவதால் நிழல் விலகாது.

தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வருது?

பெரும்பாலான வீட்டு மெஷின்களில் இரண்டு ஸ்பிரே ஆர்ம்கள் இருக்கும். ஒன்று கீழ் ராக்குக்கு அடியில், தொட்டியின் தரையில் சுழல்கிறது. மற்றொன்று மேல் ராக்கின் அடியில் மாட்டப்பட்டிருக்கிறது. சில மாடல்களில் கூரையிலும் ஒன்று உண்டு. இவற்றைச் சுழற்ற மோட்டார் எதுவும் கிடையாது. ஓரத்தில் இருக்கும் சில துளைகள் சாய்வாகக் குடையப்பட்டிருக்கும். அவற்றிலிருந்து தண்ணீர் ஒரு பக்கம் பீய்ச்சும்போது கை எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளல் அவ்வளவு வலுவானதல்ல. நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்பூன் காம்பு போதும், கை அப்படியே நின்றுவிடும்.

பல மெஷின்கள் இரண்டு கைகளுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கொடுப்பதில்லை. சிறிது நேரம் கீழே, சிறிது நேரம் மேலே என்று மாற்றி மாற்றிக் கொடுக்கும். அதனால் கதவைத் திறந்து பார்க்கும்போது ஒரு கை மட்டும் ஓடியதுபோல் தெரிந்தால் உடனே பழுது என்று முடிவு கட்ட வேண்டாம்.

இரண்டு ராக்குக்கும் முக்கியமான பீச்சு கீழிருந்துதான் வருகிறது. ஆகவே எதை எப்படி வைப்பது என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கீழே இருக்கும் துளையின் இடத்தில் என் கண் இருந்தால், இந்தப் பாத்திரத்தின் அழுக்குப் பக்கம் அதற்குத் தெரியுமா?

ஸ்டீல் பாத்திரத்துக்கு மட்டும் என்ன தனிச் சிக்கல்?

மூன்று இருக்கின்றன. முதலாவது, அவை ஒன்றுக்குள் ஒன்று அழகாக உட்காரும்படி செய்யப்பட்டவை. அலமாரியில் அது வசதி, டிஷ்வாஷரில் அதுவே வினை. இரண்டு கிண்ணங்கள் பக்கத்தில் பக்கத்தில் சாய்ந்திருக்கும்போது, மெஷின் ஓடும் அதிர்வில் ஒன்று மற்றொன்றுக்குள் மெதுவாக நழுவிவிடும். வைக்கும்போது சரியாக இருந்தது, எடுக்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் காரணம் இதுதான். ஒரே அளவுள்ள கிண்ணங்களை அடுத்தடுத்து வைக்காமல், நடுவில் ஒரு கம்பி வரிசையையோ வேறு வடிவப் பொருளையோ விட்டால் இந்த நழுவல் நடக்காது.

இரண்டாவது, அவை எடை குறைந்தவை. மெல்லிய டம்ளரையோ சின்னக் கிண்ணத்தையோ கீழிருந்து வரும் பீச்சு தூக்கிப் புரட்டிவிடும். வாய் மேல்நோக்கிப் புரண்டதும் அதில் அழுக்குத் தண்ணீர் நிரம்பி நிற்கும். கடைசி அலசலிலும் அது முழுதாக வெளியேறாது.

மூன்றாவது, ஆழம். பீங்கான் தட்டுகளை மனதில் வைத்தே பல ராக்குகளின் கம்பிப் பற்கள் நெருக்கமாக அமைக்கப்பட்டிருக்கின்றன. நேராக எழும்பும் விளிம்புள்ள ஸ்டீல் தட்டும், குழிவான பாத்திரமும் அந்த இடைவெளியில் அடங்குவதில்லை.

ஒரு கிண்ணம் புரண்டா அவ்வளவு பெரிய விஷயமா?

ஆம். அந்தக் கிண்ணத்தோடு முடிகிற சேதமல்ல இது. மெஷினில் சுற்றிக்கொண்டிருப்பதே மூன்று நான்கு லிட்டர்தான் என்றோம். ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரம் புரண்டு நிரம்பினால், ஓடவேண்டிய தண்ணீரில் கால்பங்கோ அதற்கு மேலோ அங்கே சிறைப்பட்டுவிடும். பம்ப் போதுமான தண்ணீர் கிடைக்காமல் காற்றையும் சேர்த்து இழுக்கும். பீச்சு தளரும், கைகள் மெதுவாகும், எல்லாப் பாத்திரமும் அரைகுறையாக வெளுக்கும்.

இதைக் காதால் கண்டுபிடிக்கலாம். சீராக ‘ஷ்ஷ்’ என்று கேட்க வேண்டிய ஓசை, விட்டு விட்டு ஏறி இறங்கி, நடுநடுவே ‘களக் களக்’ என்று கேட்டால் பம்ப் காற்றை இழுக்கிறது என்று பொருள். அப்போது மெஷினை நிறுத்தி, நீர் ஓய்ந்தபின் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, ஆவி வெளியேறியதும் புரண்டதைக் கவிழ்த்துவிட்டு மீண்டும் ஓட்டினால் போதும். சுடுநீர் நிரம்பியிருக்கும், துணியால் பிடித்துக் கவிழ்க்கவும். (ஓடுகிற மெஷினுக்குத் தண்ணீர் போதாமல் இருக்க வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஸ்டீல் அதிகம் புழங்கும் வீட்டில் முதலில் தேட வேண்டியது புரண்ட பாத்திரத்தை.)

புரளாமல் இருக்க, லேசான டம்ளர்களைத் தனித்து நிற்க விடாதீர்கள். மேல் ராக்கின் ஓரத்தில், பக்கக் கம்பிக்கும் பல் வரிசைக்கும் நடுவே செருகினாற்போல் நிறுத்துங்கள். அந்த ஓரத்தில் மடக்கு அலமாரி இருந்தால் அதை டம்ளர்களின் தலைக்கு மேல் மடித்து இறக்குங்கள். அது நல்ல பிடி கொடுக்கும். வைத்தபின் விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். விரலுக்கே ஆடுவது பீச்சுக்கு நிச்சயம் புரளும்.

பெரிய பாத்திரத்தை நேரா கவிழ்த்து வைக்கணுமா, சாய்ச்சு வைக்கணுமா?

வாய் கீழே பார்க்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் முழுக்கச் சமமாகக் கவிழ்ப்பதைவிட, ஒரு பக்க விளிம்பு இரண்டு விரல் அகலத்துக்கு உயர்ந்து இருப்பது நல்லது. பாத்திரத்தின் அடிப்பாகம் இப்போது மேலே இருக்கிறது. அதில் வளையமோ லேசான குழிவோ இருந்தால் தண்ணீர் தேங்கும். சாய்வு இருந்தால் அது வழிந்தோடும். உள்ளே அடித்த தண்ணீரும் தாழ்ந்த விளிம்பு வழியாக ஒரே பக்கம் வடியும்.

சாய்க்கும்போது உயரம் கூடுகிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 22 செ.மீ. வாயும் 14 செ.மீ. உயரமும் உள்ள பாத்திரத்தைக் கவிழ்த்தால் 14 செ.மீ. தான் உயரம். அதையே 30 பாகை சாய்த்தால் மேல் முனை ஏறத்தாழ 23 செ.மீ. உயரத்துக்குப் போய்விடும். அளவுக்கு மீறிச் சாய்த்தால் இன்னொரு இழப்பும் உண்டு: உள்ளே ஒரு பக்கச் சுவர் கீழே இருக்கும் துளைகளுக்குத் தெரியாமலே போகும். தண்ணீர் வடியத் தேவையான அளவு சாய்வு போதும், அதற்கு மேல் வேண்டாம்.

மடக்கக்கூடிய கம்பிப் பற்கள் இருந்தால் பெரிய பாத்திரத்துக்கு அவற்றை மடித்துப் படுக்க வையுங்கள். பற்களின் நுனியில் பாத்திரத்தை உட்கார வைத்தால் ஓட ஓட அது இடம் மாறும். கைப்பிடி நீளமாக இருந்தால் அது ராக்கின் ஓரமாக, கிடையாக இருக்கட்டும். கம்பிகளுக்கு நடுவே கீழே இறங்கும் கைப்பிடி அடியில் சுழலும் கையை நிறுத்திவிடும்.

அடிப்பிடித்துக் கருகியதை இந்தப் பீச்சு பெயர்த்து எடுக்காது. முன்கூட்டியே ஊறவைத்துச் சுரண்டிவிட்டு வைப்பதுதான் வழி.

குறுகின கழுத்து இருக்கிற பாத்திரம் உள்ளே சுத்தமாகுமா?

கழுத்து எவ்வளவு குறுகலோ அவ்வளவு குறைவாக. கவிழ்த்து வைத்த குறுகிய வாய்க்குள் நுழையும் நீர் நேராகப் போய் அடியில் மோதி, சுவர் வழியே வழிகிறது. ஆகவே அடிப்பாகம் பளிச்சென்று இருக்கும். கழுத்துக்கு ஒட்டிய உள்தோள் பகுதிக்கு நேரடியான அடி விழுவதே இல்லை; வழிகிற தண்ணீர் மட்டும்தான் அதைத் தொடுகிறது. கழுவியபின் விரலை உள்ளே விட்டு அந்த வளைவைத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பு தட்டினால் அந்தப் பாத்திரத்தைக் கையால் தேய்ப்பதே நேர்மையான பதில். எப்படித் திருப்பி வைத்தாலும் நேர்கோட்டில் போகும் தண்ணீர் வளைந்து அங்கே போகாது.

சிறிய வாயுள்ள பாட்டிலுக்கும் இதேதான். சில மாடல்களில் பாட்டிலுக்குள் நேராகப் பீய்ச்சும் தனிக் குழல்கள் உண்டு. அவை இருந்தால் பாட்டிலை அதன்மேல் செருகுங்கள். இல்லாவிட்டால், கை சுழலும்போது துளை அந்த வாய்க்கு நேரே வந்து போவது கண நேரம்தான்.

தட்டுகளை எந்தப் பக்கம் பார்த்து வைக்கிறது? எத்தனை வைக்கலாம்?

அழுக்குப் பக்கம் ராக்கின் நடுப்பகுதியைப் பார்க்கட்டும், தொட்டியின் சுவரைப் பார்க்க வேண்டாம். சுழலும் கை வரைவது வட்டம், தொட்டி சதுரம். சுவரோரத்தில் சுவரைப் பார்த்து நிற்கும் தட்டின் முகத்துக்கு நேர் பீச்சு கிடைக்காது. தட்டு வரிசை முன்னிருந்து பின்னாகப் போகும் ராக்காக இருந்தால் எல்லாத் தட்டையும் ஒரே திசையில் திருப்பி வைத்து, கடைசித் தட்டு மட்டும் சுவரைப் பார்க்காதபடி பார்த்துக்கொள்ளலாம். இரண்டு தட்டுகள் முகத்தோடு முகம் பார்க்கும் இடம் வந்தால் நடுவே இரண்டு பல் இடைவெளி விடுங்கள்.

எண்ணிக்கையைப் பற்களின் எண்ணிக்கை தீர்மானிக்காது. தட்டின் விளிம்பு உயரம் தீர்மானிக்கும். விளிம்பு அதிகம் எழும்பாத தட்டானால் ஒரு பல்லுக்கு ஒன்று வைக்கலாம். விளிம்பு இரண்டு மூன்று செ.மீ. நேராக எழும்பும் ஸ்டீல் தட்டை அப்படி வைத்தால் ஒன்றின் விளிம்பு அடுத்ததின் முதுகில் ஒட்டி, நடுவே மூடிய பெட்டிபோல் ஆகிவிடும். ஒரு பல் விட்டு ஒரு பல்லில் வையுங்கள். வைத்து முடித்ததும் மேலிருந்து பாருங்கள்: ஒவ்வொரு தட்டுக்கு நடுவிலும் ஒரு விரல் நுழைகிறதா? நுழையாத இடத்தில் தண்ணீரும் நுழையாது.

பள்ளம் பிரித்த தட்டுகளில் ஒரு சின்னக் கவனம். தடுப்புகள் கிடையாக அமையும்படி தட்டை நிறுத்தினால் ஒவ்வொரு தடுப்பின் மேலும் தண்ணீர் தேங்கும். கொஞ்சம் திருப்பி, தடுப்புகள் சாய்வாகவோ செங்குத்தாகவோ வரும்படி நிறுத்துங்கள்.

உயரமான சாமானை எங்கே வைக்கிறது?

கீழ் ராக்கில், ஓரத்தில், முடிந்தால் மூலையில். இதற்குக் காரணம் இருக்கிறது. கீழ் ராக்கில் இருக்கும் பொருளின் உயரத்தை உண்மையில் கட்டுப்படுத்துவது, மேல் ராக்கின் அடியில் தொங்கிச் சுழலும் ஸ்பிரே ஆர்ம். அது வரையும் வட்டத்துக்குள் அதன் அடிமட்டத்தைவிட உயரமாக எதுவும் நிற்கக்கூடாது. மூலைகளுக்கு அந்த வட்டம் எட்டாது. அங்கே மேல் ராக்கின் கம்பி தட்டும்வரை உயரம் கிடைக்கும்.

இடைவெளியை ஒரே ஒரு முறை அளந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு அட்டைத் துண்டைக் கீழ் ராக்கின் நடுப்பகுதியில் பற்களுக்கு இடையே நிமிர்த்தி, இரண்டு ராக்கையும் உள்ளே தள்ளுங்கள். அட்டை இடித்தால் ஒரு செ.மீ. ஒரு செ.மீ.யாக வெட்டிக் குறையுங்கள். மேலே சுழலும் கை உரசாமல் போகும் அளவு கிடைத்ததும் அந்த அட்டையை மெஷின் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். மேல் ராக்கை உயர்த்திய நிலைக்கு ஒன்று, தாழ்த்திய நிலைக்கு ஒன்று என இரண்டு அட்டைகள் இருந்தால் இன்னும் வசதி. இந்த இரு நிலைகளுக்கும் நடுவே பொதுவாகச் சில செ.மீ. வித்தியாசம் இருக்கும், பெரிய தட்டு நிற்குமா நிற்காதா என்பது அதில்தான் முடிவாகும்.

அகலமான ட்ரே, வெட்டும் பலகை போன்றவற்றைக் கீழ் ராக்கின் முன்புறம் கதவை ஒட்டி நிறுத்த வேண்டாம். டிடர்ஜென்ட் பெட்டி கதவின் உட்பக்கம் இருக்கிறது. ஓட்டத்தின் நடுவே அதன் மூடி திறக்கும். எதிரே ட்ரே நின்றால் முழுதாகத் திறக்காது, அல்லது திறந்தாலும் தண்ணீர் அதை அடையாது. எல்லாப் பாத்திரமும் பிசுபிசுப்பாக வந்து, பெட்டிக்குள் டிடர்ஜென்ட் மாத்திரை பாதி கரைந்து ஒட்டியிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. ட்ரேயை இடது அல்லது வலது சுவரோரம், முகம் உள்நோக்கி நிறுத்துங்கள்.

நீளக் கரண்டிகள் உயரமான சாமான் என்றாலும் கீழ்க் கூடையில் நிற்க வைக்கத் தேவையில்லை. மேல் ராக்கில் குழி கீழ்நோக்கிப் படுக்க வையுங்கள். காம்பு கம்பிக்கு இடையே கீழே தொங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கை தடையில்லாம சுத்துதான்னு எப்படி உறுதி பண்றது? மேல் ராக்கை வெளியே இழுத்துச் சுத்திப் பார்த்தா போதுமா?

போதாது, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மேல் ராக்கை வெளியே இழுத்துவிட்டுச் சுழற்றினால், கம்பி வழியே கீழே நீட்டியிருக்கும் காம்புகள் மட்டும் தெரியவரும். கீழ் ராக்கில் நிற்கும் உயரமான பாத்திரம் இடிக்குமா என்பது இரண்டு ராக்கும் உள்ளே இருக்கும்போதுதான் தெரியும்.

முதலில் கீழ் ராக்கை உள்ளே தள்ளுங்கள். பிறகு மேல் ராக்கை மெதுவாகத் தள்ளுங்கள். ‘சர்’ என்று உரசல் கேட்டால் அங்கேயே நிறுத்தி எது என்று பாருங்கள். முழுதாக உள்ளே போனபின், இரண்டு ராக்குக்கும் நடுவே உங்கள் கையை விட்டு மேல் ஸ்பிரே ஆர்மை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கீழ் கையை, கீழ் ராக்கைக் கொஞ்சம் முன்னே இழுத்து அடியில் குனிந்து சுற்றிப் பாருங்கள்.

கை நுழைய இடமில்லாத அளவு நிரம்பியிருந்தால் வேறு வழி: மேல் கையின் ஒரு முனை கதவை நேராகப் பார்க்கும்படி நிறுத்திவிட்டு மெஷினை ஓட்டுங்கள். தண்ணீர் நிரம்பிப் பீச்சு தொடங்கியபின் சில நிமிடம் கழித்து நிறுத்தித் திறந்து பாருங்கள். முனை வேறு பக்கம் திரும்பியிருந்தால் கை சுழன்றிருக்கிறது. அதே இடத்தில் இருந்தால் தற்செயலாகவும் இருக்கலாம், அல்லது அப்போது கீழ் கைக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்திருக்கலாம். இன்னொரு முறை பாருங்கள். மறுபடியும் அசையவில்லை என்றால் தடை இருக்கிறது.

மேல் ராக் முழுக்கவே அழுக்கா வருது, கீழ் ராக் நல்லா இருக்கு. அடுக்கினதில் தப்பா?

பெரும்பாலும் ஆம், ஆனால் தவறு மேல் ராக்கில் இல்லாமலும் இருக்கலாம். மேல் கைக்குத் தண்ணீர் பின்சுவரில் இருக்கும் குழாய் வாயிலிருந்து வருகிறது. ராக் முழுதாக உள்ளே போகும்போது ராக்கின் குழாய் முனை அதில் போய்ப் பொருந்தும். பின்பக்கம் ஒரு கைப்பிடியோ மூடியோ நீட்டிக்கொண்டிருந்தால் ராக் ஒன்றிரண்டு செ.மீ. முன்னாலேயே நின்றுவிடும். கதவு மூடும், பொருத்தம் இருக்காது. தண்ணீர் கைக்குப் போகாமல் சுவரில் வழிந்துவிடும்.

ராக்கின் உயரத்தை மாற்றியபின் இந்தத் தொல்லை வந்தால், இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே உயரத்தில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் உயர்ந்திருந்தால் குழாயும் பொருந்தாது, கையும் சாய்ந்து சுழலும்.

இரண்டும் சரியென்றால் கையைக் கழற்றி வெளிச்சத்தில் துளைகளைப் பாருங்கள். ஃபில்டர் சரியாகப் பூட்டாதபோது உணவுத் துகள்கள் உள்ளே போய்த் துளையை அடைக்கும். பல் குத்தும் குச்சியால் எடுத்துவிட்டு, குழாய் நீரில் அலசுங்கள்.

ஒரு முழு லோடை எப்படி அடுக்குறதுன்னு உதாரணத்தோட சொல்ல முடியுமா?

60 செ.மீ. அகல மெஷின் என்று வைத்துக்கொள்வோம்; கீழ் ராக்கின் உள் அளவு ஏறத்தாழ 50-க்கு 50 செ.மீ. கழுவ வேண்டியவை: எழும்பிய விளிம்புள்ள 26 செ.மீ. தட்டு எட்டு, 22 செ.மீ. வாயுள்ள பாத்திரம் இரண்டு, 30 செ.மீ. அகலக் கடாய் ஒன்று, 29 செ.மீ. உயரமுள்ள, வாயகன்ற டப்பா ஒன்று, டம்ளர் பத்து, கிண்ணம் ஆறு, கரண்டி நான்கு. அட்டையால் அளந்ததில் மேல் ராக் உயர்ந்த நிலையில் நடுவில் 28 செ.மீ. கிடைக்கிறது.

வழக்கமாக நடப்பது இது: கடாயை நடுவில் கவிழ்க்கிறோம், இரண்டு பாத்திரத்தையும் அதைச் சுற்றி ஒண்டவைக்கிறோம், டப்பாவை மிச்சமிருந்த முன் நடுவில் நிறுத்துகிறோம், தட்டுகளைக் கிடைத்த பற்களில் எல்லாம் செருகுகிறோம். முடிவு: 29 செ.மீ. டப்பா மேல் கையை நிறுத்திவிடும், பத்து டம்ளரும் அழுக்கு. அதே டப்பா டிடர்ஜென்ட் மூடிக்கு எதிரிலும் நிற்கிறது. நெருக்கிச் செருகிய தட்டுகளில் நடுவில் இருந்தவை அப்படியே வரும்.

சரியாக அடுக்க முதலில் இடத்தைப் பிரியுங்கள். இடது பக்கம் 26 செ.மீ. அகலத்தைத் தட்டுகளுக்கு ஒதுக்குங்கள். ஒரு பல் விட்டு ஒரு பல் என்றால் தட்டுக்குத் தோராயமாக 5 செ.மீ.; எட்டுத் தட்டு 40 செ.மீ. நீளம் பிடிக்கும். வலது பக்கம் 24 செ.மீ. அகலமும் 50 செ.மீ. நீளமும் மிச்சம். இரண்டு 22 செ.மீ. பாத்திரம் முன்னும் பின்னுமாக அதில் சரியாக உட்காரும். லேசாகச் சாய்த்தாலும் அவை 28 செ.மீ.க்குள் அடங்கும்.

இப்போது கடாய்க்கும் டப்பாவுக்கும் இடமில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. இது முக்கியமான இடம்: எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டும் என்று நெருக்கினால் மொத்த லோடும் கெடும். கடாயைக் கையால் தேய்த்துவிடுவது நல்லது. அது ஒன்றே இரண்டு பாத்திரத்தின் இடத்தைச் சாப்பிடுகிறது. டப்பா கட்டாயம் வேண்டுமென்றால் பின் வலது பாத்திரத்தை அடுத்த லோடுக்கு ஒதுக்கிவிட்டு, டப்பாவைப் பின் வலது மூலையில் வாய் கீழாக நிறுத்துங்கள். மேல் கையின் வட்டம் அங்கே வராது. மேல் ராக்கின் கம்பி இடிக்கிறதா என்று மட்டும் தள்ளிப் பார்க்க வேண்டும்.

மேல் ராக்கில் டம்ளர்களை இரு ஓரமும் ஐந்தைந்தாகக் கவிழ்த்து, மடக்கு அலமாரியால் பிடியுங்கள். நடுவில் ஆறு கிண்ணங்களையும் சாய்வாக, முகம் கீழும் நடுவும் பார்க்கும்படி, ஒன்று மற்றொன்றுக்குள் போகாத இடைவெளியில் வையுங்கள். கரண்டிகள் முன் ஓரத்தில் குழி கீழாகப் படுக்கட்டும். இரண்டு ராக்கையும் தள்ளி, இரண்டு கையையும் சுற்றிப் பார்த்து, டிடர்ஜென்ட் மூடிக்கு எதிரே எதுவும் இல்லை என்று உறுதி செய்துவிட்டுக் கதவை மூடலாம்.

ஓட்டுறதுக்கு முன்னாடியே எது நிழல்ல இருக்குன்னு கண்டுபிடிக்க வழி உண்டா?

ஒரு டார்ச் போதும். மேல் ராக்கை முழுதாக வெளியே இழுத்து, அதன் அடியில் ஸ்பிரே ஆர்ம் இருக்கும் மட்டத்தில் டார்ச்சை மேல்நோக்கிப் பிடித்து, கை சுழலும் வட்டத்தில் மெதுவாக நகர்த்துங்கள். வெளிச்சமும் நேர்கோட்டில்தான் போகிறது. கிண்ணத்தின் உட்புறம் ஒரு சுற்றில் ஒருமுறையாவது ஒளிர்ந்தால் பீச்சும் அங்கே போகும். எந்தக் கோணத்திலும் இருட்டாகவே இருக்கும் பக்கம் அழுக்காகவே வெளியே வரும். பளபளப்பான ஸ்டீலில் வெளிச்சம் எதிரொளிப்பதால் ஒளி படாத இடமும் மங்கலாகத் தெரியலாம். நேர் வெளிச்சத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். இரண்டு மூன்று லோடுக்கு இப்படிப் பார்த்தால் உங்கள் பாத்திரங்களில் எது எங்கே நிற்க வேண்டும் என்பது கைக்குப் பழகிவிடும். பிறகு டார்ச் தேவைப்படாது.

கழுவின பாத்திரத்தின் அடியில் தண்ணீர் தேங்கி, எடுக்கும்போது கீழே கொட்டுது. என்ன செய்யறது?

முதலில் கீழ் ராக்கைக் காலி செய்யுங்கள், பிறகு மேல் ராக்கை. மேலே இருப்பதை முதலில் இழுத்தால் அதன் குழிகளில் தேங்கிய நீர் கீழே காய்ந்திருக்கும் தட்டுகளில் சிந்தும். தேங்குவதே குறைய வேண்டுமென்றால் மேலே சொன்ன சாய்வுதான் வழி. எந்தப் பாத்திரத்தின் அடியில் ஒவ்வொரு முறையும் தண்ணீர் நிற்கிறது என்று கவனித்து, அதை மட்டும் அடுத்த முறை ஒரு கம்பியில் ஏற்றிச் சாய்த்து வையுங்கள்.